ஆண்டு விழா சிறப்பு விருந்தினர் அறிமுகம்: மூன்று பக்கத்தை ஒன்றரை நிமிடமாகக் குறைப்பது எப்படி?

கொங்கு_விரிவுரையாளர் (இழை தொடங்கியவர்)

கோவைப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் ஆண்டு விழாக் குழுப் பொறுப்பு. சிறப்பு விருந்தினர் அறிமுகத்தை மாணவர் பேரவைச் செயலர் படிக்கிறார். விருந்தினர் இன்னும் உறுதியாகவில்லை. பயிற்சிக்காகப் பலருக்கும் தெரிந்த ஒருவரை எடுத்து எழுதிப் பார் என்றேன். விஞ்ஞானி மயில்சாமி அண்ணாதுரையைத் தேர்ந்தெடுத்து மூன்று பக்கம் எழுதி வந்திருக்கிறார். தொடக்கம் மட்டும் கீழே:

"அறிமுகம் தேவையில்லாத ஆளுமை, கொங்கு மண் ஈன்றெடுத்த கோமேதகம், விண்ணையே வீடாக்கிய வித்தகர், இஸ்ரோவின் முன்னாள் தலைவர், சந்திரயானை நிலவில் இறக்கி, மங்கள்யான் திட்ட இயக்குநராகச் செவ்வாயையும் வென்ற பத்மஸ்ரீ முனைவர் மயில்சாமி அண்ணாதுரை அவர்களே..."

படித்துப் பார்த்தால் ஆறு நிமிடம் ஓடுகிறது. எதை வெட்டுவது, எதை விடுவது? அன்பும் தெரியவேண்டும், தவறும் இருக்கக்கூடாது.

மேடைமணி

முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள் சார். விருந்தினர் அறிமுகத்துக்கு ஒன்றரை நிமிடம் போதும். மேடையில் நிதானமாகத் தமிழ் படித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 சொல் போகும். நம் சொற்கள் நீளமானவை, அதனால் ஆங்கிலத்தைவிட எண்ணிக்கை குறையும். ஆக, 110 சொல்லுக்கு மேல் எழுத அனுமதிக்காதீர்கள். ஆறு நிமிடத்தை வெட்டி வெட்டி ஒன்றரைக்குக் கொண்டுவர முயன்றால் எலும்புக்கூடுதான் மிஞ்சும். தாளை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக எழுதச் சொல்லுங்கள்.

பின்வரிசை_பெருமாள்

இவ்வளவு மண்டையை உடைக்க வேண்டாம். விருந்தினரிடம் பயோடேட்டா வாங்கி அப்படியே படித்துவிட்டால் தவறே வராது. அவர் கொடுத்தது, அவர் பொறுப்பு.

சரிபார்ப்பவள்

பெருமாள் சார் சொல்வதில் பாதி சரி. தகவல் விருந்தினரிடமிருந்தே வரவேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் பெரும்பாலும் அவருடைய உதவியாளர்தான் கோப்பை அனுப்புவார், அது எப்போதோ ஒரு பணி உயர்வுக்காகத் தயாரித்ததாக இருக்கும். அதில் உள்ள பதவி இன்றைய பதவியாக இருக்காது. ஆய்வுக் கட்டுரை எண்ணிக்கை, கலந்துகொண்ட கருத்தரங்குகள், உறுப்பினராக உள்ள குழுக்கள் என்று எல்லாம் இருக்கும். நம் மாணவர்களுக்கு அவற்றில் ஒன்றும் வேண்டியதில்லை.

இப்போது மேலே உள்ள தொடக்கத்துக்கு வருவோம். ஒரே வாக்கியத்தில் நான்கு பிழை இருக்கிறது.

முதலாவது, அவர் இஸ்ரோ தலைவராக இருந்ததில்லை. பெங்களூருவில் உள்ள இஸ்ரோ செயற்கைக்கோள் மையத்தின் இயக்குநராக இருந்தார். இன்று அது யு.ஆர்.ராவ் பெயரில் இயங்கும் மையம். சந்திரயான்-1 ஏவப்பட்டபோது இஸ்ரோ தலைவர் மாதவன் நாயர்.

இரண்டாவது, "சந்திரயானை நிலவில் இறக்கி" என்பது. அவர் திட்ட இயக்குநராக இருந்தது சந்திரயான்-1க்கு. அது நிலவைச் சுற்றி வந்த கலம். அதிலிருந்து பிரிந்த ஒரு சிறு கருவி 2008 நவம்பர் 14 அன்று நிலவில் மோதியது உண்மை. ஆனால் மெதுவாகத் தரையிறங்கி ஊர்தியை இறக்கியது 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3. அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல். இடையில் சந்திரயான்-2க்குத் திட்ட இயக்குநர் வனிதா. மூன்றையும் ஒருவர் தலையில் வைத்தால் மற்ற இருவருடைய உழைப்பும் காணாமல் போகும்.

மூன்றாவது, மங்கள்யானுக்குத் திட்ட இயக்குநர் சுப்பையா அருணன். அண்ணாதுரை அதற்குப் புரோகிராம் டைரக்டர். இஸ்ரோவுக்குள் இவை இரண்டும் வேறு வேறு பொறுப்பு. மேடையில் இருப்பவருக்கு அந்த வேறுபாடு நன்றாகத் தெரியும், பிறர் பெருமையைத் தன் மீது ஏற்றுகிறார்களே என்று கூசுவார். சிலர் பேச்சைத் தொடங்கும்போதே அதைத் திருத்த வேண்டியிருக்கும். எழுதிய மாணவருக்கு அதைவிட மோசமான நிமிடம் இல்லை.

நான்காவது பெயருக்கு முன்னால் உள்ள பத்மஸ்ரீ.

பின்வரிசை_பெருமாள்

பத்மஸ்ரீயில் என்னம்மா பிழை? 2016-இல் வாங்கியிருக்கிறாரே. எல்லா அழைப்பிதழிலும் அப்படித்தானே அச்சடிக்கிறார்கள்?

சரிபார்ப்பவள்

வாங்கியது சரி. பட்டம் போல் பெயருக்கு முன்னால் ஒட்டுவதுதான் பிழை. அரசமைப்பின் 18-ஆவது பிரிவு அரசு பட்டங்கள் வழங்குவதைத் தடை செய்கிறது. பத்ம விருதுகள் பட்டங்களா என்ற வழக்கில் 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அவை பட்டங்கள் அல்ல, ஆகவே செல்லும் என்றது. கூடவே பெயருக்கு முன்னொட்டாகவோ பின்னொட்டாகவோ பயன்படுத்தக்கூடாது என்றும் சொல்லிவிட்டது. பாலாஜி ராகவன் வழக்கு. ஆகவே "2016-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்" என்று தனி வாக்கியமாகச் சொல்லுங்கள். பேனர் அச்சடிப்பவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர் தானாகவே பெரிய எழுத்தில் சேர்த்துவிடுவார்.

தமிழ்த்துறை_இளவல்

சரிபார்ப்பவள் அக்கா சொன்னதெல்லாம் ஏற்கிறேன். ஆனால் அன்பு எங்கே வரும்? "கொங்கு மண் ஈன்றெடுத்த கோமேதகம்" என்பதை வெட்டிவிட்டால் அரசிதழ் அறிவிக்கை மாதிரி ஆகிவிடுமே. தமிழ் மேடைக்கு அடுக்குமொழி அழகு. ஒரு குறளாவது வேண்டாமா?

மேடைமணி

தம்பி, அடுக்குமொழிக்கு நான் எதிரி இல்லை. ஆனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். "வித்தகர்", "ஆளுமை", "கோமேதகம்" ஆகியவற்றை அப்படியே எடுத்து, போன வருடம் வந்த விருந்தினர் பெயருக்கு முன்னால் வையுங்கள். பொருந்துகிறதா? பொருந்தினால் அது இவரைப் பற்றியது இல்லை. வந்தவருக்கும் அது தெரியும், இதே அடைமொழியை அவர் பத்து மேடையில் கேட்டிருப்பார்.

அன்பு வருவது இரண்டு இடத்திலிருந்துதான். ஒன்று, அவர் செய்த வேலைகளில் ஒன்றே ஒன்றை எடுத்து, கேட்பவன் கண்ணில் தெரிகிற மாதிரிச் சொல்வது. இன்னொன்று, அவருக்கும் இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள உண்மையான தொடர்பு. அண்ணாதுரைக்கு அது கையில் கிடைத்த மாதிரி இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடிக்காரர், பள்ளியில் தமிழ் வழி, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. கோவையில் இருக்கும் கல்லூரி இதை விட்டுவிட்டுக் கோமேதகத்தைத் தேடுவானேன்?

குறள் விஷயத்தில், சொல்லி விளக்கம் தர இருபது நொடி போகும். மொத்தம் இருப்பதே தொண்ணூறு. வரவேற்புரையில் ஒரு குறள், ஆண்டறிக்கையில் ஒரு குறள், நன்றியுரையில் ஒரு குறள் எப்படியும் வந்தே தீரும்.

தமிழ்த்துறை_இளவல்

குறள் வேண்டாம் என்பதை நான் ஏற்கவில்லை அண்ணா. பொருந்தும் குறள் கிடைத்தால் விளக்கமே தேவையில்லை, அரங்கம் தானே பிடித்துக்கொள்ளும். மற்றது சரி.

அலமேலு_திருச்சி

எங்கள் கல்லூரியில் எனக்கு நன்றியுரை கொடுத்திருக்கிறார்கள். ஒரு மாதிரி இருந்தால் அனுப்புங்களேன். ஒலி ஒளி அமைத்தவர் பெயரை முதலில் சொல்வதா கடைசியிலா?

மேடைமணி

அம்மா, இது அறிமுக உரை பற்றிய இழை. நன்றியுரைக்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன். ஆனால் நீங்கள் கேட்டதால் இங்கே சொல்லவேண்டிய ஒன்று நினைவுக்கு வருகிறது. வரவேற்புரை, அறிமுகம், தொகுப்பாளர் பேசுவது, நன்றியுரை ஆகிய நான்கையும் ஒரே மேசையில் வைத்துப் படித்துப் பார்க்கவேண்டும். இல்லையென்றால் விருந்தினர் எங்கே பிறந்தார், என்ன விருது வாங்கினார் என்பதை அரங்கம் நான்கு முறை கேட்கும். வரவேற்புரையில் பெயரும் இன்றைய பொறுப்பும் போதும். தொகுப்பாளர் பெயர் மட்டும் சொல்லட்டும். வாழ்க்கைக் குறிப்பு அறிமுகம் செய்பவருக்கே சொந்தம். இதை முதல்வர் வாயால் எல்லோருக்கும் சொல்லவைத்தால்தான் நடக்கும்.

கொங்கு_விரிவுரையாளர்

நன்றி. செயலரை மறுபடியும் எழுதச் சொன்னேன். நானும் கூட உட்கார்ந்தேன். இதோ:

"அனைவருக்கும் வணக்கம்.

2008 அக்டோபர் 22, அதிகாலை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு பி.எஸ்.எல்.வி. ராக்கெட் கிளம்பியது. நிலவுக்கு இந்தியா அனுப்பிய முதல் விண்கலம் அதில் இருந்தது. அந்தச் சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர் இன்று நம் மேடையில் இருக்கிறார்.

பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடி கிராமத்தில் பிறந்தவர். தமிழ் வழியில் பள்ளிப் படிப்பு. கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல். 1982-இல் இஸ்ரோவில் சேர்ந்தார்.

நிலவின் தரையில் நீர் மூலக்கூறுகள் இருப்பதைக் கண்டுபிடித்தது சந்திரயான்-1. அதன் பிறகு மங்கள்யான் திட்டத்துக்குப் புரோகிராம் டைரக்டராகவும், பெங்களூரு செயற்கைக்கோள் மையத்தின் இயக்குநராகவும் இருந்தார். 2016-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இந்த அரங்கில் பாதிப் பேருக்கு மேல் தமிழ் வழியில் படித்துவிட்டு, முதலாம் ஆண்டில் ஆங்கிலப் பாடப் புத்தகத்தைப் பார்த்துத் திகைத்தவர்கள். அந்தத் திகைப்பைக் கடந்து நிலவு வரைக்கும் போன ஒருவரிடம் கேட்க நமக்கு நிறைய இருக்கிறது.

சிறப்புரையாற்ற முனைவர் மயில்சாமி அண்ணாதுரை அவர்களை அழைக்கிறேன்."

சரிபார்ப்பவள்

இது வேறு உலகம். மூன்று இடத்தில் மட்டும் கை வைக்கவேண்டும்.

நீர் மூலக்கூறு வாக்கியம் கொஞ்சம் வழுக்குகிறது. 2009 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட அந்தக் கண்டுபிடிப்புக்கு முக்கியக் காரணம் சந்திரயான்-1 சுமந்து சென்ற நாசாவின் கருவி. "நிலவின் தரையில் நீர் மூலக்கூறுகள் இருப்பதைக் காட்டியது சந்திரயான்-1 சுமந்து சென்ற ஒரு கருவி" என்றால் யாரும் குறை சொல்ல முடியாது, நீளமும் கூடாது.

"பாதிப் பேருக்கு மேல்" என்பதற்கு ஆதாரம் என்ன? சேர்க்கைப் பதிவேட்டில் பயிற்று மொழி இருக்கும், அலுவலகத்தில் கேட்டால் பத்து நிமிடத்தில் எண் கிடைக்கும். எண் சரியாக வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் "நம்மில் பலர்".

மூன்றாவதுதான் முக்கியம். "அந்தத் திகைப்பைக் கடந்து" என்கிறீர்கள். அவர் திகைத்தாரா என்று நமக்கு எப்படித் தெரியும்? அவர் மனத்துக்குள் நடந்ததை நாம் எழுதக்கூடாது. அன்பாக எழுதப் போகும்போது பிழை நுழைவது பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான். விளக்கொளியில் படித்தார், பட்டினி கிடந்தார், செருப்பில்லாமல் நடந்தார் என்று கைக்கு வந்ததெல்லாம் சேரும். அவர் சொல்லியிருந்தால் ஒழிய வேண்டாம். "அதே தமிழ் வழியில் படித்து நிலவுத் திட்டத்தை நடத்திய ஒருவரிடம்" என்று மாற்றுங்கள். சூடு குறையவே இல்லை, பாருங்கள்.

மேடைமணி

சொல் எண்ணிக்கை நூற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது, நல்ல அளவு.

படிக்கும் பிரதி பற்றி ஒரு வார்த்தை. இப்போது நீங்கள் எழுதியிருப்பது கண்ணுக்கான பிரதி. மேடைக்குக் கொண்டுபோகும் தாளில் எண்களை எழுத்தால் எழுதுங்கள்: "இரண்டாயிரத்து எட்டு அக்டோபர் இருபத்திரண்டு". பதற்றத்தில் 2008-ஐப் பார்த்து "ட்வென்டி எயிட்" என்று வாய் குழறுவது மாணவர்களுக்கு வழக்கம். சந்திரயான்-1 என்பதையும் "சந்திரயான் ஒன்று" என்றோ "சந்திரயான் ஒன்" என்றோ முன்பே முடிவு செய்து அப்படியே எழுதிவிடுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும், 18 புள்ளி, வரிகளுக்கிடையே இடைவெளி, தாளின் ஒரு பக்கம் மட்டும். நூறு சொல் அந்த அளவில் ஒரே பக்கத்தில் அடங்கும், திருப்பவே வேண்டாம். கைபேசியைப் பார்த்துப் படிக்கவிடாதீர்கள், நடுவில் அழைப்பு வந்தால் திரை மாறிவிடும்.

பயிற்சி அரங்கத்திலேயே, ஒலிவாங்கியில் நடக்கவேண்டும். அறையில் எண்பது நொடியில் முடிவது அரங்கத்தில் தொண்ணூறு ஆகும், எதிரொலிக்கு நின்று நின்று பேசவேண்டியிருக்கும்.

தமிழ்த்துறை_இளவல்

பெயரைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். அழகுதான். ஆனால் பின்னால் பதினைந்தடி பேனரில் பெயரும் படமும் இருக்கும்போது யாரிடம் எதை மறைக்கிறோம்? எனக்கு முதல் வாக்கியத்திலேயே பெயர் வரவேண்டும் என்று தோன்றுகிறது. "மேடையில் இருக்கிறார்" என்று பெயர் சொல்லாமல் பேசுவது விருந்தினருக்கும் கொஞ்சம் சங்கடம்.

மேடைமணி

மறைப்பதற்காக இல்லை. பெயர் சொன்னதும் கைதட்டு வரும். தொடக்கத்தில் சொன்னால் கைதட்டு அங்கே செலவாகிவிடும், அவர் எழுந்து வரும்போது அரங்கம் சும்மா இருக்கும். கடைசிச் சொல் பெயராக இருந்தால் கைதட்டலோடு அவர் ஒலிவாங்கிக்கு நடக்கலாம்.

சரிபார்ப்பவள்

நான் இளவல் பக்கம். இரண்டு முறையும் சொல்லலாமே, தொடக்கத்தில் பெயர், முடிவில் மரியாதையோடு முழுப் பெயர். ஆனால் இது சுவை சார்ந்தது. பெயரை எப்படி எழுதுவது, எப்படி உச்சரிப்பது என்பதில் மட்டும் சுவைக்கு இடமில்லை. தலைப்பெழுத்து எங்கே வரும், தமிழிலா ஆங்கில எழுத்தொலியிலா என்பதை அவரிடமே கேட்கவேண்டும்.

உண்மையான விருந்தினர் முடிவானதும் மூன்றே கேள்வி அனுப்புங்கள். உங்கள் பெயரையும் பொறுப்பையும் விழா நாளன்று எப்படிச் சொல்லவேண்டும்? எங்கள் மாணவர்கள் உங்களைப் பற்றி அறியவேண்டியது எது? எதைச் சொல்ல வேண்டாம்? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. குடும்பம், உடல்நிலை, விட்டு விலகிய அமைப்பு, பழைய கட்சித் தொடர்பு என்று ஏதாவது இருக்கும். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு முழு உரையை வாட்ஸ்அப்பில் அவருக்கே அனுப்பி "பிழை இருந்தால் சொல்லுங்கள் ஐயா" என்று கேளுங்கள். நூறு சொல் என்பதால் படிப்பார்கள். மூன்று பக்கம் அனுப்பினால் "நன்று" என்று பதில் வரும், அவர் திறந்தே பார்த்திருக்க மாட்டார்.

முனைவர் என்பதையும் கேட்டுவிடுங்கள். ஆய்வு செய்து பெற்றதா, மதிப்புறு முனைவர் பட்டமா என்று. மதிப்புறு பட்டத்தைப் பெயருக்கு முன்னால் போடாமல் இருப்பதே முறை. அண்ணாதுரை ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர், அவருக்குச் சிக்கல் இல்லை.

பின்வரிசை_பெருமாள்

மாவட்ட ஆட்சியர் வந்தால் பெயருக்குப் பின்னால் இ.ஆ.ப. போடலாம்தானே? அதுவும் பட்டமா?

சரிபார்ப்பவள்

அது பணியின் பெயர், விருது இல்லை. தாராளமாகப் போடலாம். ஓய்வு பெற்றவர் என்றால் அடைப்பில் ஓய்வு என்று சேருங்கள். மேடையில் படிக்கும்போது "இ ஆ ப" என்று எழுத்தெழுத்தாகச் சொன்னால் பலருக்குப் புரியாது, "மாவட்ட ஆட்சியர்" என்றாலே போதும்.

வயல்வெளி_செந்தில்

எங்கள் நிலை வேறு. கிராமப்புறக் கல்லூரி. விருந்தினர் உள்ளூர் அரிசி ஆலைக்காரர், நூலகக் கட்டடத்துக்குப் பணம் கொடுத்தவர். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. விருது எதுவும் இல்லை. நிலாவும் இல்லை, ராக்கெட்டும் இல்லை. என்ன எழுதுவது? படிப்பைப் பற்றிச் சொன்னால் சங்கடப்படுவாரோ என்றும் இருக்கிறது.

மேடைமணி

இதுதான் எளிது செந்தில். மேலே சொன்ன இரண்டும் இவரிடம் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரிகிற வேலை நூலகம். எத்தனை இருக்கை, எத்தனை மணிக்குத் திறக்கிறது, போன தேர்வு நேரத்தில் மாலையில் எத்தனை பேர் உட்கார்ந்து படித்தார்கள் என்று நூலகரிடம் கேளுங்கள். "தேர்வு மாதத்தில் மாலை ஆறு மணிக்கு அந்தக் கட்டடத்தில் இடம் கிடைக்காது" என்று உண்மையாக ஒரு வரி சொல்ல முடிந்தால் கொடைவள்ளல், கர்ணன், பாரி எல்லாம் தேவைப்படாது. தொகையைச் சொல்லாதீர்கள், அவரே சொல்லச் சொன்னால் தவிர. ஆலையை எந்த ஆண்டு தொடங்கினார், எத்தனை ஊர் நெல் அங்கே வருகிறது என்று ஒரு வாக்கியம்.

சரிபார்ப்பவள்

எட்டாவது விஷயத்தை அவரிடமே கேளுங்கள். சிலர் அதைப் பெருமையாகவே சொல்வார்கள், அப்போது அவர் சொன்ன சொல்லிலேயே வையுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். "படிக்காத மேதை" மட்டும் வேண்டவே வேண்டாம், பாராட்டு மாதிரித் தெரியும், முதல் பாதிதான் அவர் காதில் விழும்.

வயல்வெளி_செந்தில்

நாளைக்கே நூலகரைப் பார்க்கிறேன். இன்னொரு கேள்வி. பொன்னாடையை அறிமுகத்துக்கு முன்பா பின்பா?

மேடைமணி

முன்பு. வரவேற்புரை முடிந்ததும் போர்த்திவிடுங்கள். அறிமுகத்துக்கும் சிறப்புரைக்கும் நடுவில் வைத்தால் புகைப்படக்காரர் "இன்னொரு தடவை சார்" என்று இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்வார். அறிமுகத்தில் வந்த சூடு அதற்குள் ஆறிவிடும்.

தமிழ்த்துறை_இளவல்

எங்கள் முதல்வர் பின்பு என்றுதான் வைப்பார், அறிமுகம் கேட்ட பிறகுதான் மரியாதை செய்வது முறை என்று.

கொங்கு_விரிவுரையாளர்

எங்கள் ஊரிலும் அதே வாதம் நடக்கும். அலுவலகத்தில் பயிற்று மொழி எண்ணைக் கேட்டாயிற்று: பாதிக்குச் சற்றுக் குறைவு. "நம்மில் பலர்" என்றே மாற்றிவிட்டோம்.